படிவம் நான்கில் ஒரு பிரியம்: கம்போங் ராஜா மாணவர்களுக்குத் திறந்த மடல்

கம்போங் ராஜாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் படிவம் 3, 4, 5 படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்த மடலில் ஒரு பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர் வேண்டாம். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துக் கற்பனையாக உருவாக்கிய பெண் அவள். ஆனால் அவளுக்கு நடப்பது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறார். நள்ளிரவில் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் மறுநாள்தான் வீடு திரும்புவார். அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார். பெண் படிவம் 4. புறப்பாட நடவடிக்கை நாளில், படிவம் 5 பையன் ஒருவன் அணிவகுப்புக் குழுவுக்காக எல்லாருடைய வாட்ஸ்அப் எண்ணையும் வாங்கினான். அன்று இரவு குழுவில் வராமல், அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. கூடுதல் கணிதத்தில் ஒரு சந்தேகம் பற்றித்தான். அடுத்த நாளும் வந்தது. மூன்றாவது நாள் அவளே காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனதில் நிற்பதில்லை. அவன் கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸ்அப்பில் இருந்தான் என்று பார்ப்பது ஒரு வேலையாகிவிட்டது. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் பயந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் ரீட் லார்சன் என்ற உளவியலாளர் பதின்ம வயதினர் கையில் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நேரத்து மனநிலையையும் அதற்கான காரணத்தையும் எழுதச் சொன்னார். பெண்கள் பதிவுசெய்த வலுவான உணர்ச்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும், பையன்கள் பதிவுசெய்தவற்றில் கால் பங்குக்கும், காதலோ காதல் பற்றிய கற்பனையோ காரணமாக இருந்தது. பரீட்சையும் நண்பர்களும் வீட்டுச் சண்டையும் மீதி இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. ஆகவே இந்த வயதில் ஒருவர்மேல் மனம் போவது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. எந்தப் பள்ளி விதியும் அதைத் தடைசெய்யவில்லை. தடைசெய்யவும் முடியாது.

விதிகள் தொடுவது வேறு இடங்களை. கல்வி அமைச்சின் 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரவோ பயன்படுத்தவோ கூடாது. பிடிபட்டால் கைப்பேசியைப் பள்ளி எடுத்து வைத்துக்கொள்ளும், பெற்றோரை வரவழைக்கும். கட்டொழுங்குக் குற்றங்கள் எஸ்எஸ்டிஎம் என்ற கணினிப் பதிவில் ஏறும். 1959ஆம் ஆண்டு முதல் இருக்கும் கட்டொழுங்கு விதிமுறையின்படி பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது, பையன்களை அடிக்கலாம். ஒரே தவறுக்கு அவனுக்குப் பிரம்படியும் அவளுக்கு அறிவுரையும் கிடைப்பது இதனால்தான். இதை அவள் தெரிந்துவைத்திருந்தால், 'ஸ்கூல் பேக்ல போன் போட்டுட்டு வா, ஓய்வு நேரத்துல ரெண்டு பேரும் போட்டோ எடுக்கலாம்' என்று அவனிடம் ஆசையாகச் சொல்லியிருக்க மாட்டாள். மாட்டிக்கொண்டால் அடி வாங்குவது அவன்.

இப்போது பையன்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் கதாநாயகன் என்ன செய்வான்? அவள் வேண்டாம் என்பாள். அவன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பான், வீடுவரை பின்னாலேயே வருவான், தோழியிடம் கெஞ்சி எண்ணை வாங்குவான். கடைசிப் பாட்டுக்குள் அவள் மனம் மாறிவிடும். மலேசியாவில் இதற்குப் பெயர் பின்தொடர்தல் குற்றம். தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவு 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரைப் பின்தொடர்வது, அவர் இருக்கும் இடத்தில் போய்ச் சுற்றித் திரிவது, எந்த வழியிலாவது திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது ஆகியவற்றால் அவருக்கு மன உளைச்சலோ பயமோ ஏற்பட்டால், இரண்டு முறை நடந்தாலே போதும், வழக்குப் பதியலாம். மூன்றாண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. அவள் உங்கள் எண்ணை முடக்கிய பிறகு நண்பனின் எண்ணிலிருந்து செய்தி அனுப்புவதும் தொடர்புகொள்வதுதான்.

ஆகவே அவளுடைய விருப்பத்தைக் கேட்பதென்றால் ஒரு முறை கேளுங்கள், தனியாக, அவள் எழுந்து போக வழியிருக்கும் இடத்தில். வகுப்பே சுற்றி நின்று கைதட்டும்போது கேட்டால் அவளால் இல்லையென்று சொல்ல முடியாது. அப்போது வரும் ஆமாம் உங்களுக்குக் கிடைத்த பதில் அல்ல, கூட்டத்துக்குக் கிடைத்த பதில். பதிலே வராவிட்டால் அதையும் இல்லையென்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வலிக்கும். சோறு இறங்காது. அவள் வரும் வேனைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். அந்த நாட்களில் அவளுடைய படங்களை எடுத்து எடுத்துப் பார்ப்பது காயத்தை ஆறவிடாது. அவள் கணக்கைக் கொஞ்ச நாள் உங்கள் திரையில் வராமல் மறைத்துவிடுங்கள். மைதானத்துக்குப் போய் விளையாடுங்கள். அண்ணனிடமோ நண்பனிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பல வாரங்கள் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது காதல் தோல்வி என்ற அளவைத் தாண்டிவிட்டது. அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும்.

நம் பெண்ணின் கதையில் பையன் நல்லவன்தான். கேட்டான், அவளும் சரியென்றாள். ஆறு வாரம் கழித்து ஓர் இரவு அவன் எழுதினான்: 'எனக்கு மட்டும் ஒரு போட்டோ அனுப்பு. பாத்துட்டு உடனே அழிச்சிடுறேன்.' எந்த மாதிரிப் படம் என்று இருவருக்குமே தெரியும்.

இந்த இடத்தில் சட்டம் மிகக் கடுமையானது. அதை உங்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது. 2017இல் வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் (சட்டம் 792), 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் சிறார் என்கிறது. ஒரு சிறாரின் அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் பாலியல் படத்தை எடுத்தால் 30 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கலாம். கைப்பேசியில் வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். காதலர்கள், இருவருக்கும் சம்மதம் என்பதற்காக அந்தச் சட்டத்தில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. தன் படத்தைத் தானே எடுக்கும் பிள்ளைக்கும் தனி விலக்கு இல்லை. 18 வயதுக்குட்பட்டவரின் வழக்கைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும், அங்கே தண்டனையின் தன்மை வேறு. ஆனாலும் காவல் நிலையம், வாக்குமூலம், பறிமுதலான கைப்பேசி எல்லாம் உண்டு. அந்த ஒரு படம் அவனுடைய கைப்பேசிக்கு வந்த நிமிடத்தில் அவனும் சட்டத்தின் தப்பான பக்கத்தில் நிற்கிறான். அவனை விரும்புகிற பெண் அனுப்பாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். அவளை விரும்புகிற பையன் கேட்காமல் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

அழித்துவிடுவேன் என்பது பொய்யாக இருக்க வேண்டுமென்பதில்லை. கைப்பேசி தானாகவே படத்தை கூகுள் கணக்கில் சேமித்திருக்கும். தம்பி விளையாட அதே கைப்பேசியை எடுப்பான். ரிப்பேர் கடையில் திரை மாற்றக் கொடுக்க வேண்டிவரும். பிரிந்த பிறகு கோபத்தில் ஒரு நண்பனுக்குக் காட்டினால் போதும்.

ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றால்? அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மிரட்டி இன்னும் படம் கேட்டாலோ பணம் கேட்டாலோ கொடுக்காதீர்கள். ஒன்று கொடுத்தால் அடுத்ததைக் கேட்பார்கள். மிரட்டல் வாசகங்களை அழிக்காமல் வையுங்கள், அந்தரங்கப் படத்தை மட்டும் வேறு யாருக்கும் ஆதாரமென்று அனுப்பாதீர்கள். takeitdown.ncmec.org என்ற சேவை 2023 முதல் இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படம் எதுவென்று உங்கள் கைப்பேசியிலேயே நீங்கள் காட்டினால், அந்தப் படத்துக்கு ஓர் எண்முத்திரையை அது உருவாக்கும். படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. எண்முத்திரை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும். அங்கே அந்தப் படம் ஏறினால் அடையாளம் கண்டு எடுத்துவிட உதவும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் அதனால் எட்ட முடியாது. அங்கே பெரியவர்களின் உதவியும் காவல்துறையின் உதவியும் வேண்டும்.

வயதைப் பற்றியும் நேராகவே பேசிவிடலாம். தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவுப்படி 16 வயது நிரம்பாத பெண்ணோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், வன்புணர்ச்சி. படிவம் 4 வகுப்பில் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு 16 நிரம்பியிருக்கும், ஆண்டு இறுதியில் பிறந்த மற்றவளுக்கு இன்னும் 15தான் இருக்கும். சட்டம் படிவத்தைப் பார்ப்பதில்லை, பிறந்த தேதியைப் பார்க்கிறது. பாலியல் நோக்கத்தோடு தொடுவது 18 வயதுவரை சட்டம் 792இன் கீழ் வந்துவிடும். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வது படத்தில்தான் வழி. முஸ்லிம் அல்லாதவருக்குத் திருமண வயது 18; 16 நிரம்பிய பெண்ணுக்கு மட்டும் மந்திரி பெசார் சிறப்பு அனுமதி தரலாம்; 21 வயதுவரை பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கும் சட்டம், யார் போய் வழக்குப் போடப் போகிறார்கள் என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் 18 வயதுக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. பெண் வீட்டார் கோபத்தில் கொடுக்கும் புகாரில், அவள் விரும்பிப் பழகிய பையன்மேல் வழக்குப் பதிவாகும். அப்படி ஒரு வழக்கில், புகார் கொடுத்த தாயும் அந்தப் பெண்ணுமே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து வழக்கை நிறுத்தும்படி கேட்டார்கள். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கை ரத்து செய்தார். பதின்ம வயதினரின் காதல் உறவைக் குற்றமாக்கித் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்பது அவருடைய கருத்து. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாமென்று சுற்றறிக்கை அனுப்பினார். சுற்றறிக்கை அனுப்பும் அளவுக்கு அங்கே கைதுகள் நடந்திருந்தன. கோபத்தில் புகார் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். அதைத் திரும்பப் பெற உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அந்தக் கோபம் அந்த அளவுக்கு ஏறாமல் பார்த்துக்கொள்வதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

சட்டத்தின் இந்தக் கடுமை உங்களுக்கு உதவும் இடமும் ஒன்று உண்டு. பிரியம் காட்டுபவர் பள்ளிப் பையனாக இல்லாமல் 23, 25 வயது ஆளாக இருந்தால், வாசலில் நிற்கும் காவல் அதுதான். அப்படிப்பட்டவர் எப்படி வருவார் என்று பாருங்கள். டாப்-அப் போட்டுக் கொடுப்பார். 'உன்னைப் புரிஞ்சுக்கறவன் நான் மட்டும்தான்' என்பார். உரையாடலை வேறு செயலிக்கு மாற்றச் சொல்வார், பழையதை அழிக்கச் சொல்வார். யாரிடமும் சொல்லாதே என்பது முதல் வாரத்திலேயே வந்துவிடும். வகுப்புத் தோழனும் வெட்கத்தில் ரகசியமாக வை என்று சொல்லக்கூடும். ஆனால் உங்கள் தோழிகளிடமிருந்து உங்களைப் பிரிக்க மாட்டான், பரிசுக்குக் கணக்குக் கேட்க மாட்டான். பாலியல் குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒரு சிறாரோடு பேசிப் பழகுவதையே சட்டம் 792 குற்றமாக்கியிருக்கிறது. தொடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முறையிடலாம்.

இனி அம்மா அப்பா.

அவர்கள் இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியைக் கூடத்து மேசையில் வைக்கச் சொல்கிறார்கள், டியூஷன் முடிந்து ஐந்து நிமிடம் தாமதமானால் போன் போடுகிறார்கள். லயத்து வீடுகளில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பேச்சுக் கிளம்பினால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். தங்கள் மகள் படிப்பு முடிக்கும் முன்பு பெயர் கெட்டுப்போகக் கூடாது, தாங்கள் செய்யும் வேலைக்கே அவளும் வரக் கூடாது என்பது அவர்களுடைய பயம். அது வெறும் பிடிவாதம் அல்ல. ஆனால் பயத்திலிருந்து போடும் எல்லாக் கட்டுப்பாடும் பலன் தருவதும் இல்லை. சுவீடனில் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று நன்றாகத் தெரிந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? துருவித் துருவிக் கேட்டோ, கட்டுப்பாடு போட்டோ அல்ல. பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொன்னதால்தான்.

இந்த முடிவைப் பெற்றோருக்கான பாடமாகவே பலரும் எழுதுகிறார்கள். உங்களுக்கும் அதில் ஒன்று இருக்கிறது. வீட்டில் உங்களைப் பற்றி என்ன தெரியும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவர் நீங்கள்தான். அம்மா முதலில் யார் வாயிலிருந்து கேட்கிறார், வேன் ஓட்டுநரிடமிருந்தா உங்களிடமிருந்தா என்பது உங்கள் கையில் இருக்கிறது. எதிர்த்தால் காதல் இன்னும் வலுக்கும் என்ற நம்பிக்கையையும் அதிகம் நம்பிவிடாதீர்கள். 1972இல் ஓர் அமெரிக்க ஆய்வு அப்படிச் சொன்னது, ரோமியோ ஜூலியட் விளைவு என்று அதற்குப் பெயரும் வந்தது. 2014இல் மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. சுற்றியிருப்பவர்கள் ஒத்துக்கொண்ட உறவுகளே நன்றாக இருந்தன.

நம் பெண் படத்தை அனுப்பவில்லை. 'அது மட்டும் வேணாம், ரெண்டு பேருக்குமே கேஸ் ஆயிடும்' என்று எழுதினாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு மன்னிப்புக் கேட்டான். அந்த இரண்டு நாளில்தான் அவள் அம்மாவிடம் சொல்ல முடிவெடுத்தாள்.

அப்பா லோரியோடு போயிருந்த இரவை, அம்மா சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். 'மா, ஒன்னு சொல்லணும். திட்டுறதா இருந்தா முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க' என்று ஆரம்பித்தாள். படிவம் 5 பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது, செய்தி அனுப்பிக்கொள்கிறோம், எங்கேயும் தனியாகப் போகவில்லை, போகவும் மாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் கொட்டவில்லை, ஆனால் சொன்னதில் பொய் இல்லை. அம்மா சத்தம் போட்டார். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். நான்காம் நாள் அவரே வந்து, யார் பையன், எந்தத் தோட்டம் என்று கேட்டார். கடைசியில் பேசி முடித்தது இவ்வளவுதான்: கைப்பேசி ஒன்பது மணிக்குக் கூடத்துக்கு வரும், அதில் உள்ளதை அம்மா கேட்காமல் எடுத்துப் படிக்க மாட்டார், குழுவாகச் சேர்ந்து படிப்பது பள்ளியில் மட்டும், பரீட்சை மாதத்தில் செய்தி அனுப்புவது நிற்கும். அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அம்மாவே பார்த்துக்கொள்வார்.

எல்லா அம்மாவும் நான்காம் நாள் திரும்பி வர மாட்டார்கள். வீட்டில் அடி விழும், பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று உண்மையிலேயே பயப்படும் பிள்ளை முதலில் வேறொருவரிடம் போக வேண்டும். சித்தியாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், பெற்றோர் மதிக்கும் ஓர் ஆசிரியராக இருக்கலாம். இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர் இருப்பார். அவர் கட்டொழுங்கு ஆசிரியர் அல்ல, அவர் வேலை வேறு. பேசத் தொடங்கும் முன்பே, 'நான் சொல்றதை எதுவரைக்கும் ரகசியமா வச்சிருப்பீங்க டீச்சர்?' என்று கேட்டுவிடுங்கள். பதிவுபெற்ற ஆலோசகரை 1998ஆம் ஆண்டுச் சட்டமே ரகசியம் காக்கச் சொல்கிறது. ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உங்களைப் பாலியல் முறையில் தொட்டிருந்தாலோ ஆலோசகர் மற்றவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

யாருமே இல்லையென்றால் 15999. அரசின் தாலியான் காசே எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் வயது என்ன, என்ன நடந்தது, இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வராது என்றால் முன்கூட்டியே மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். வீட்டுக் கைப்பேசி அம்மாவிடம் இருந்தால், பள்ளி அலுவலகத்திலிருந்து அழைக்க ஆலோசனை ஆசிரியரிடம் கேட்கலாம்.